தட்டுகளுக்கு நடுவில் எதுவும் ஓடவில்லை என்று எழுதினால் மார்க்கைக் குறைப்பீர்களா?

அக்கா மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். நேற்று ராத்திரி இயற்பியல் விடைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். மூன்று மார்க் கேள்வி: மின்தேக்கி மின்னேறும்போது தட்டுகளுக்கு இடையே காந்தப்புலம் இருக்குமா? காரணம் கூறுக. அவள் எழுதியிருந்த பதில் இது: "இருக்கும். தட்டுகளுக்கு இடையே மின்னூட்டம் எதுவும் கடந்து போவதில்லை. அங்கே மின்புலம் மாறிக்கொண்டிருக்கிறது. ஆம்பியர் விதியில் அந்த மாற்றத்தையும் சேர்க்க வேண்டும்." இரண்டாவது வாக்கியத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், "இடப்பெயர்ச்சி மின்னோட்டம் பாய்கிறது" என்று திருத்தம். மூன்றுக்கு ஒன்று.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடித்துவிட்ட அந்த வாக்கியம்தான் முழுப் பதிலிலும் மிகச் சரியான வாக்கியம். அவளுடைய கைடைப் புரட்டினால் காரணம் தெரிகிறது. தட்டுகளுக்கு நடுவே அம்புக்குறி போட்டு, அதன்மேல் சின்னச் சின்ன வட்டங்களாக எலக்ட்ரான்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஏதோ பஸ் ஏறி அக்கரைக்குப் போவது போல! அப்படி எலக்ட்ரான் கடந்தால் அது மின்தேக்கியே இல்லை, பழுதாகி ஒழுகும் மின்தேக்கி.

சரி, அவளுக்கு வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுத்தேனோ அப்படியே சொல்கிறேன். டீ வடிகட்டும் துணிப்பை இருக்கிறதல்லவா, கம்பி வளையத்தில் துணியைத் தைத்து, நீளமாகத் தொங்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் விதி கேட்பது வளையத்தைப் பற்றிய ஒரு கேள்வி. அந்த வளையத்தை ஒரு சுற்று சுற்றிவந்து, வழி நெடுக இருக்கும் காந்தப்புலத்தைக் கூட்டினால் என்ன வரும்? வளையத்தை ஒரு பரப்பால் மூடி, அந்தப் பரப்பைக் குத்திக்கொண்டு போகும் மின்னோட்டத்தை எண்ணி, μ₀ என்ற மாறிலியால் பெருக்கினால் போதும் என்கிறது பழைய விதி. எந்தப் பரப்பால் மூடுவது? அதை விதி சொல்வதில்லை. ஓரம் அந்த வளையமாக இருந்தால் எந்தப் பரப்பும் சரி. உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது, இதைத்தான் வகுப்பில் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள்.

இப்போது மின்தேக்கிக்குப் போகும் கம்பியை வளையத்துக்குள் விடுங்கள். வளையத்தின் வாயில் ஒரு காகிதத்தைத் தட்டையாக ஒட்டினால் கம்பி அதைக் குத்திக்கொண்டு போகும். மின்னோட்டம் I. காகிதத்தை எடுத்துவிட்டுத் துணிப்பையைப் பாருங்கள். பை முதல் தட்டை முழுக்க உள்ளே வாங்கிக்கொண்டு, அதன் அடிப்பகுதி இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் நிற்கிறது. துணியை எந்தக் கம்பியும் குத்தவில்லை. மின்னோட்டம் பூஜ்யம். வளையம் அதே வளையம். அதைச் சுற்றியிருக்கும் காந்தப்புலம் நாம் மனசுக்குள் காகிதத்தை நினைக்கிறோமா துணியை நினைக்கிறோமா என்று பார்த்து மாறாது. ஆகவே பழைய விதி மின்னேறும் மின்தேக்கியிடம் தோற்கிறது.

"காலி இடத்தை நிரப்ப மேக்ஸ்வெல் ஒரு மின்னோட்டத்தைக் கற்பனை செய்தார்" என்று இந்த இடத்தில்தான் எழுதிவிடுகிறார்கள். ஏதோ கணக்கு உதைத்ததால் சமாளித்தார் என்கிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த வரிதான். காகிதத்தையும் துணிப்பையையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து ஒரு மூடிய பெட்டி. அதற்குள் ஒரு தட்டு, அதன்மேல் மின்னூட்டம் Q. கம்பி வழியாக உள்ளே வருவது I, வெளியே போகும் கம்பி கிடையாது. அதனால் Q ஏறிக்கொண்டே போகிறது, ஏறும் வேகம் சரியாக I. மூடிய பரப்பிலிருந்து வெளியேறும் மின்பாயத்தை, அதாவது பரப்பைக் கடக்கும் மின்புலத்தின் மொத்தக் கணக்கான Φ_E-ஐ, ε₀ என்ற மாறிலியால் பெருக்கினால் உள்ளே இருக்கும் மின்னூட்டம் என்று காஸ் விதி சொல்கிறது. அப்படியானால் ε₀ dΦ_E/dt என்பது Q ஏறும் வேகம், அதாவது அதே I. துணியில் குத்தும் கம்பி இல்லாததால் விடுபட்ட I, மாறும் மின்பாயமாகத் துணியைக் கடக்கிறது. கற்பனைக்கு இங்கே எங்கே இடம்? மின்னூட்டம் அழியாது, காஸ் விதி உண்மை, இந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டால் இந்த உறுப்பு தானாக வந்து நிற்கிறது:

∮ B·dl = μ₀ (I + ε₀ dΦ_E/dt)

தட்டின் ஓரத்தில் மின்புலம் வெளியே வளைந்து கசியுமே, அப்போது கணக்கு தவறாதா என்று அவள் கேட்டாள். தவறாது. கசியும் புலக்கோடு காகிதத்தின் வழியாகப் போனால் காகிதத்தின் கணக்கில் சேரும், துணி வழியாகப் போனால் துணியின் கணக்கில் சேரும். இரண்டு மொத்தமும் எப்போதும் ஒன்றுதான். தட்டு வட்டமா சதுரமா, இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் இதற்குத் தேவையே இல்லை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். தட்டுகள் வட்டம், ஆரம் 5 செ.மீ., இடைவெளி 1 மி.மீ., நடுவில் காற்று. மின்தேக்குத்திறன் ஏறக்குறைய 70 பைக்கோஃபாரட். கம்பியில் 1 மில்லி ஆம்பியர் ஓடட்டும். மின்னழுத்தம் ஒரு மைக்ரோ வினாடிக்கு 14 வோல்ட் சுமாருக்கு ஏறும். இடைவெளி 1 மி.மீ. என்பதால் மின்புலம் ஒவ்வொரு மைக்ரோ வினாடியும் மீட்டருக்கு 14,000 வோல்ட் சொச்சம் கூடும். இதைத் தட்டின் பரப்பாலும் ε₀ ஆலும் பெருக்கினால் திரும்ப 1 மில்லி ஆம்பியரே கிடைக்கிறது. தட்டின் விளிம்பில், இடைவெளிக்குள், காந்தப்புலம் 4 நானோ டெஸ்லா. கம்பியிலிருந்து அதே 5 செ.மீ. தள்ளி அளந்தாலும் அதே 4. பூமியின் காந்தப்புலம் இதைப்போல் பத்தாயிரம் மடங்கு, அதனால் திசைகாட்டி ஊசியை வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அளந்திருக்கிறார்கள். 1985-இல் பார்ட்லெட், கார்ல் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், மிகமிக மெல்லிய காந்தப்புலத்தையும் உணரும் ஸ்குவிட் என்ற மீக்கடத்திக் கருவியை வைத்து, மின்னேறும் தட்டுகளுக்கு உள்ளேயே புலத்தை அளந்தார்கள். அச்சிலிருந்து தள்ளிப்போகப் போக அது நேர்விகிதத்தில் கூடியது, கணக்கு சொன்னபடியே.

அடுத்து அவள் கேட்ட கேள்விக்காகவே அந்தப் பெண்ணுக்கு மூன்று மார்க்கும் கொடுத்திருக்க வேண்டும். "மாமா, வளையம் தட்டைவிடச் சின்னதாக இருந்தால்? 2.5 செ.மீ. ஆரம் இருந்தால், உள்ளே கால் பங்கு மின்பாயம்தானே வரும்? ஆனால் கம்பி முழு மில்லி ஆம்பியரையும் கொண்டுவருகிறதே, மீதி எங்கே?" வகுப்பில் கேட்டாளாம். சிலபஸில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

பதில் அழகானது. வடிகட்டிப் பை ஒல்லியாகிவிட்டது, தட்டு உள்ளே அடங்கவில்லை. துணி தட்டைக் கிழித்துக்கொண்டுதான் இடைவெளிக்குள் போக முடியும். அந்தக் கிழிசலில் என்ன நடக்கிறது? கம்பி வந்து சேர்வது தட்டின் மையத்தில். மின்னூட்டம் தட்டு முழுக்கப் பரவ வேண்டுமென்றால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி உலோகத்திலேயே மின்னோட்டம் ஓட வேண்டும். 2.5 செ.மீ. வட்டத்துக்கு வெளியே தட்டின் முக்கால் பரப்பு இருக்கிறது, ஆக அந்த வட்டத்தைத் தாண்டி வெளியே ஓடுவது 0.75 மில்லி ஆம்பியர். அது துணியைக் கிழிசலில் குத்துகிறது. பையின் அடியில் மின்பாயத்தின் பங்கு 0.25. கூட்டினால் 1. அப்பாடா!

இதிலிருந்து இன்னொன்றும் வெளிவருகிறது. தட்டுக்கு இந்தப் பக்கம், கம்பியிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி, காந்தப்புலம் 8 நானோ டெஸ்லா. தட்டைத் தாண்டி இடைவெளிக்குள், அதே 2.5 செ.மீ.யில், 2 மட்டுமே. ஒரு தகட்டின் தடிமனைக் கடப்பதற்குள் 8 எப்படி 2 ஆனது? தட்டில் ஆர வாட்டில் ஓடும் அந்த 0.75-தான் காரணம். "கம்பியின் மின்னோட்டம் இடைவெளியிலும் அப்படியே தொடர்கிறது" என்று படித்த பிள்ளை இங்கே 8 என்று எழுதும். எலக்ட்ரான் படம் போட்ட கைடு கொண்டுபோய் விடும் இடம் இதுதான்.

மாறும் மின்பாயத்தின் இந்த உறுப்புக்கு வைத்த இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்ற பெயரும் ஒரு வினை. 1861, 1862 ஆண்டுகளில் பகுதி பகுதியாக வந்த கட்டுரையில் மேக்ஸ்வெல் வெட்டவெளியைச் சுழலும் அறைகளும், நடுவே உருளும் சிறு உருண்டைகளுமாகக் கற்பனை செய்தார். மின்விசை அந்த உருண்டைகளை இடம்பெயர்க்கிறது என்பதால் இடப்பெயர்ச்சி. பாடப்புத்தகத்து மின்தேக்கிப் படத்தைப் பார்த்து அவருக்கு அது தோன்றவில்லை. உருண்டைகளும் அறைகளும் போய்விட்டன, உறுப்பும் பெயரும் தங்கிவிட்டன. வெற்றிடத்தில் இடம்பெயர எதுவுமே இல்லை. ஆம்பியர் என்ற அலகு வருகிறது என்பதற்காக அதை மின்னோட்டம் என்கிறோம், அவ்வளவுதான்.

"பாய்கிறது" என்ற சொல்லோடு "உருவாக்குகிறது" என்ற சொல்லையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். நம் மின்தேக்கி போல நிதானமாக மின்னேறும் ஒன்றில், கம்பியிலும் தட்டுகளிலும் ஓடும் நிஜ மின்னோட்டத்தை மட்டும் எடுத்து பயாட்-சாவர்ட் விதிப்படி கூட்டினாலே இடைவெளியில் அதே 2 நானோ டெஸ்லா வந்துவிடும். ஆம்பியர் - மேக்ஸ்வெல் விதி வளையத்துக்கும் பரப்புக்குமான கணக்கு. எது எதைப் பெற்றெடுத்தது என்று அது சொல்லவில்லை. அக்கா மகள் "அந்த மாற்றத்தையும் சேர்க்க வேண்டும்" என்று எழுதினாளே, அந்தச் "சேர்க்க" என்ற சொல் எவ்வளவு கவனமான சொல் தெரியுமா?

போனால் போகிறது மாமா, இரண்டு மார்க்தானே என்கிறாள். அடுத்த தேர்வில் "பாய்கிறது" என்றே எழுதிவிடப் போகிறாளாம். அதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கம் போனது. திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போகிறேன், விடைத்தாளோடும் வடிகட்டியோடும்.