கண்டெய்னர் எங்கே நிற்கிறது என்பதை ETA தேதி சொல்லாது

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ஏற்றுமதி ஆவணப் பிரிவைக் கவனித்து வருகிறேன். சரக்கு எப்போது வந்து சேரும் என்று வெளிநாட்டு பையர் கேட்டால், கப்பல் நிறுவனத்தின் தளத்தில் புக்கிங் எண்ணைப் போட்டு, அங்கே தெரியும் ETA என்ற உத்தேச வருகைத் தேதியை அப்படியே எடுத்து அனுப்புவது எங்கள் தொழிலில் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சரக்கு தாமதமாகப் போகிறது என்பது அந்தத் தேதியில் கடைசியாகத்தான் தெரிய வரும். அதற்குப் பல நாட்கள் முன்னதாகவே, வந்திருக்க வேண்டிய ஒரு பதிவு வராமல் போவதில் அது தெரிந்துவிடுகிறது.

எங்களுக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். ஒரே புக்கிங்கில் இரண்டு 40 அடி கண்டெய்னர்கள், தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாக ஹாம்பர்க் செல்ல வேண்டியவை. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வரை சிறிய ஃபீடர் கப்பல், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு மதர் வெசல் எனப்படும் பெரிய கப்பல். 4ஆம் தேதி இரண்டும் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டதாக Gate in பதிவு வந்துவிட்டது. 6ஆம் தேதி புறப்பட வேண்டிய ஃபீடர் 8ஆம் தேதிதான் புறப்பட்டு, 9ஆம் தேதி இரவு கொழும்பை அடைந்தது. முதல் கண்டெய்னர் அன்றிரவே இறக்கப்பட்டது. இரண்டாவது, மறுநாள் மாலையில். மதர் வெசல் 11ஆம் தேதி காலை கிளம்பிவிட்டது.

புக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரிந்தது. புக்கிங் எண் காட்டுவது பெரும்பாலும் திட்டத்தைத்தான். எந்தப் பெட்டி உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை அறிய, கண்டெய்னர் எண்களைத் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்திருந்தால், முதல் பெட்டிக்குக் கொழும்பில் கப்பலில் ஏற்றப்பட்டதற்கான Loaded என்ற பதிவு 11ஆம் தேதியிட்டு இருப்பதும், இரண்டாவதற்கு இறக்கப்பட்டதைக் குறிக்கும் Discharged என்பதற்குப் பிறகு எதுவுமே இல்லாததும் தெரிந்திருக்கும்.

பதிவு இல்லை என்பதாலேயே பெட்டி ஏறவில்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. முனையத்திலிருந்து தகவல் வந்து சேரச் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். ஆனால் கப்பல் புறப்பட்டது அட்டவணையில் உறுதியாகி, அதே கப்பலில் ஏறிய உடன்பிறப்புப் பெட்டிக்கு Loaded வந்து, ஒரு நாள் கழிந்தும் இதற்கு வரவில்லை என்றால், அது பெரும்பாலும் ரோல் ஓவர்தான். அதாவது பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. 12ஆம் தேதியே இதை நாங்கள் அறிந்திருக்க முடியும். 14ஆம் தேதி காலைதான் இரண்டாவது பெட்டியின் பக்கத்தில் கப்பல் பெயரும் பயண எண்ணும் மாறின. ETA ஏழு நாள் தள்ளிப் போனது. அதுவரை அந்தப் பக்கம் பழைய தேதியையே காட்டிக்கொண்டிருந்தது. கப்பல் நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவிப்பும் வரவில்லை. நான் பையருக்கு எழுதியது 15ஆம் தேதி. மூன்று நாட்கள் முன்னால் சொல்லியிருந்தால் அவர் தமது கடைகளுக்கான விநியோகத்தை முதல் பெட்டியை மட்டும் வைத்துத் திட்டமிட்டிருப்பார் என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

ஃபீடர் தாமதமானது இரண்டு நாட்கள். சரக்கு தாமதமானது ஏழு நாட்கள். இந்தக் கணக்கைப் பலர் புரிந்துகொள்வதில்லை. ஐரோப்பாவுக்குச் செல்லும் பெரிய கப்பல் சேவைகள் பொதுவாக வாரத்துக்கு ஒன்று என்பதால், இணைப்பைச் சில மணி நேரத்தில் தவறவிட்டாலும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அடுத்த வாரக் கப்பலையே நிறுவனம் ரத்து செய்துவிட்டால் அது இரண்டு வாரமாகும். ஆகவே ஃபீடர் தாமதமாகக் கிளம்பிய அன்றே, கொழும்பில் இணைப்புக்கு எத்தனை நாள் மிச்சமிருக்கிறது என்று கணக்கிடுவதுதான் முதல் வேலை.

இன்னொன்று, புக்கிங் உறுதியான நாளில் தெரிந்த ETA தேதியையும் கப்பல் பெயரையும் தனியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தளத்தில் புதிய தேதி பழையதன் மேலேயே எழுதப்படுவதால், எத்தனை நாள் தள்ளிப்போனது என்பது பல தளங்களில் பின்னால் பார்த்தால் தெரியாது. 2023 டிசம்பரிலிருந்து பல நிறுவனங்கள் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது, நாங்கள் ஏற்கெனவே அனுப்பியிருந்த சரக்குகளின் தேதிகள் இப்படித்தான் ஓசையில்லாமல் மாறின.

கப்பலின் இருப்பிடத்தைக் காட்டும் வரைபடத்தை மட்டும் நம்புபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது கப்பலைக் காட்டும், பெட்டியைக் காட்டாது. எங்கள் இரண்டாவது பெட்டி ஏறிய கப்பல் ஹாம்பர்க்கை நெருங்கி விட்டதாக வரைபடத்தில் தெரிந்தபோது, அது கடலில் நங்கூரமிட்டு, துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இடமான பெர்த்துக்காகக் காத்திருந்தது. Discharged என்ற பதிவு அதற்கு இரண்டு நாள் கழித்தே வந்தது. அந்தப் பதிவைப் பார்த்த பிறகுதான், பையர் கிடங்குக்கு லாரி ஏற்பாடு செய்யலாம் என்று எழுதினேன்.