கடிதத்தின் மேல்வரி என்னதான் கேட்கிறது?

போன வாரம் அக்கா மகள் கல்யாணப் பத்திரிகைக்காக அச்சகத்தில் உட்கார்ந்திருந்தேன். மெய்ப்பு பார்க்கச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். நாங்கள் எழுதிக் கொடுத்தது ‘முருகன் துணை’. தாளில் இருந்தது ‘முருகன் அருளால்’. கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதானே சார், அருளால்னு போட்டா எடுப்பா இருக்கும்” என்றார் அந்தத் தம்பி. திருத்தச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ரெண்டும் ஒண்ணுதானே என்றது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அதே வாரம் ஒரு நண்பர், ‘சாமியிடம் கையேந்தாமல் ஒரு கார்டுகூட எழுதத் தெரியாத சமூகம் நாம்’ என்று எழுதியிருந்தார். அவருக்குச் சேர்த்தே இந்தப் பதிவு. சாமி உண்டா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. கையேந்தினோமா என்பது மட்டும்தான் என் கேள்வி.

பழைய கடிதங்கள் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். நடுவில் ‘உ’ என்று பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ஒரு வரி. சைவர் வீட்டுக் கடிதம் என்றால் ‘சிவமயம்’, சிலருக்கு ‘ஸ்ரீராமஜெயம்’, கத்தோலிக்கர் வீட்டில் ‘மரியே வாழ்க’. என் கல்லூரி நண்பன் ஒருவனின் அத்தா ‘786’ என்று போடுவார். பிஸ்மில்லாஹ் வசனத்தின் அரபு எழுத்துகளுக்கு உரிய எண் மதிப்புகளைக் கூட்டினால் வருவது அது. இறைவன் பெயர் எழுதிய தாள் காலடியில் கிடந்துவிடக் கூடாதென்று எண்ணாக எழுதுவதாக அவர் சொல்வார். இந்த வழக்கம் கூடாது என்கிற முஸ்லிம்களும் உண்டு.

இவற்றில் எதிலாவது ‘கொடு’ இருக்கிறதா? ‘சிவமயம்’ என்றால் எல்லாம் சிவம், அவ்வளவுதான். ‘ஜெயம்’ ராமனுக்கு. ‘வாழ்க’ மரியாளுக்கு. எழுதுகிறவர் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது போலத் தோன்றுவது ‘துணை’ மட்டுமே. ‘முருகன் துணை’, ‘அங்காளம்மன் துணை’, ‘வேலும் மயிலும் துணை’. அதிலும் வினைச்சொல் கிடையாது. துணையாக இருக்கிறான் என்றும் படிக்கலாம், இருக்கட்டும் என்றும் படிக்கலாம். யாருக்குத் துணை? எழுதியவருக்கா, படிப்பவருக்கா, நடுவில் மூன்று நாள் தபால் பையில் கிடக்கப் போகும் அந்தத் தாளுக்கா? வரி சொல்வதில்லை.

கேட்கத் தெரியாத ஜனமும் இல்லை நாம். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். வேண்டியதைப் பச்சையாகக் கேட்கிற இடம் அது. அதே கை கார்டு எழுத உட்காரும்போது துணையோடு நின்றுகொள்கிறது.

துணை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது ஆறேழு வயதில். எங்கள் வீட்டில் கொல்லைப்புறம் நீளம், விளக்கு கிடையாது. ராத்திரி அத்தை எழுந்தால் என்னைத்தான் எழுப்புவாள். “துணைக்கு வாடா.” பாம்பு வந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அவளுக்கு முன்னால் ஓடியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும். கிணற்றடியில் என்னை நிறுத்திவிட்டு இருட்டுக்குள் போவாள். கொஞ்ச நேரத்தில் குரல் வரும்: “இருக்கியாடா?” “இருக்கேன் அத்தை.” இதுதான் துணை. காப்பாற்றுவது வேறு. அதற்கு ‘காப்பு’ என்று தனிச்சொல் இருக்கிறது, நூல்களின் தொடக்கத்தில் காப்புச் செய்யுளே உண்டு. அருள் மேலிருந்து கீழே இறங்குவது. துணை பக்கத்தில் நிற்பது. அச்சகத் தம்பிக்கு இதை அன்றைக்குச் சொல்ல வரவில்லை.

அப்பா எனக்கு விடுதிக்கு எழுதிய கார்டுகள் இன்னும் இருக்கின்றன. பதினைந்து பைசா கார்டு. ‘வேலும் மயிலும் துணை. அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல். இப்பவும்…’ அந்த ‘இப்பவும்’ வந்துவிட்டால் விஷயத்துக்கு வருகிறார் என்று அர்த்தம். நான் கணக்கில் கோட்டை விட்ட பருவத்தில் வந்த கார்டில் ‘இப்பவும்’ தொடங்கி முகவரிப் பக்கம் வரைக்கும் வசவு. மேலே மட்டும் வேலும் மயிலும் அதே இடத்தில், அதே சாய்வில். திட்டுகிற அன்றைக்கும் துணையை எடுத்துவிடவில்லை மனுஷர்.

எடுத்துவிட்டது ஒரே ஒரு கார்டில். பாட்டி இறந்தபோது வந்தது. கல்யாணக் கடிதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும். இதில் மூலையில் கறுப்பு மை. சுழி இல்லை, மேல்வரி இல்லை, நலமறிய ஆவல் இல்லை. நேராக விஷயம், உடனே புறப்பட்டு வரவும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கார்டைக் கையில் வாங்கியதும் கண் முதலில் மேலேதான் போகும். அங்கே வெறுமையாக இருந்தால் படிக்கும் முன்பே வயிறு கலங்கும். சாவுச் சேதிக் கடிதத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள், படித்ததும் கிழித்துப் போடுவார்கள். நானும் கிழித்துத்தான் போட்டேன்.

காரணம் தெரியாமல் இல்லை. சுழி தொடக்கத்தின் அடையாளம், மங்கலம். சாவில் தொடங்க என்ன இருக்கிறது என்பார்கள். சுழியை விடுவது சரி. அதோடு துணையையும் சேர்த்து விடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், ‘வேலும் மயிலும் துணை’ என்பதை அருணகிரிநாதர் எங்கே பாடுகிறார் என்று பாருங்கள். கந்தர் அலங்காரத்தில், ‘விழிக்குத் துணை’ என்று தொடங்கும் பாட்டு. கண்ணுக்குத் துணை திருவடி, மொழிக்குத் துணை முருகா என்னும் பெயர், முன்பு செய்த பழிக்குத் துணை பன்னிரு தோள். கடைசியில், ‘பயந்த தனி வழிக்குத் துணை வடிவேலும் செங்கோடன் மயூரமுமே’. பயந்து தனியே போகிற வழி. அது வேறெந்த வழி? அத்தை என்னை எழுப்பியதும் அப்படி ஒரு வழிக்குத்தான், அது சின்ன வழி, அவ்வளவே. கடைசி வழிக்கென்று பாடியதை எடுத்து விடுதிச் செலவுக் கடிதத்துக்கும் வைக்கோல் விலைக் கடிதத்துக்கும் தலையில் வைத்தோம். உரிய கடிதம் வந்ததும் அமங்கலம் என்று அடித்துவிட்டோம்.

அப்பா போனபோது கருமாதிப் பத்திரிகை நான்தான் எழுதிக் கொடுத்தேன். சுழி போடவில்லை. ‘வேலும் மயிலும் துணை’ என்று மேலே போட்டேன். சித்தப்பா தாளை வாங்கி மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதுல இது போடுறதில்லப்பா.” “தெரியும் சித்தப்பா, இருக்கட்டும்” என்றேன். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, ‘வேலும்’ என்பதில் ‘லு’ வை ‘ழு’ என்று அடித்திருந்ததைப் பேனாவால் வளைத்து, “இதையாச்சும் ஒழுங்காப் போடச் சொல்லு” என்று திருப்பிக் கொடுத்தார்.