ஒன்பது வரியை ஒரு வரியாக்கிய கத்திரிக்கோல்

போன வாரப் பதிவைப் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும்: நான் மொழிபெயர்த்துக் கொடுத்த ஒரு பேச்சின் ஒன்பது வரியை இதழில் ஒரே வரியாக வெட்டிவிட்டார்கள். மீதிக் கதை தெரியாதவர்கள் கீழே போய்ப் படித்துக்கொள்ளுங்கள், மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஏற்கெனவே "கூறியது கூறுபவன்" என்று பட்டம் வாங்கியாகிவிட்டது.

ஆசிரியர் அண்ணன் போனில் சொன்ன வார்த்தை அதுதான். "தம்பி, நன்னூல்லயே இருக்கு, கூறியது கூறல் குற்றம்னு. ஒரே வார்த்தைய ஒன்பது வரியில போட்டா வாசகன் பக்கத்தைத் திருப்பிருவான்." சரி. ஆனால் அந்த ஒன்பது வரி என்னுடையதில்லை. மார்ட்டின் லூதர் கிங்குடையது. 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் முன்னால் அவர் பேசியது. அவர்களில் யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை.

எல்லாருக்கும் அந்தப் பேச்சில் "எனக்கொரு கனவு உண்டு" மட்டும்தான் தெரியும். என் சண்டை அதற்கு அப்புறம் வரும் கடைசிப் பகுதியைப் பற்றி. அங்கே கிங் ஒரு பழைய தேசபக்திப் பாட்டைச் சொல்கிறார். "ஒவ்வொரு மலைச்சரிவிலிருந்தும் விடுதலை ஒலிக்கட்டும்" என்று முதல் சரணம் முடிகிற பாட்டு. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அர்த்தம் யோசிக்காமல் பாடுகிற வரி. கிங் அதைப் பிடித்துக்கொள்கிறார். ஒவ்வொரு மலை என்றுதானே சொன்னீர்கள், சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்பது போல. நான் இப்படி மொழிபெயர்த்திருந்தேன்:

ஒலிக்கட்டும் விடுதலை, நியூ ஹாம்ப்ஷயரின் மாபெரும் மலையுச்சிகளிலிருந்து.
ஒலிக்கட்டும் விடுதலை, நியூயார்க்கின் பெருமலைகளிலிருந்து.

அப்புறம் பென்சில்வேனியா, கொலராடோ, கலிஃபோர்னியா. மொத்தம் ஐந்து. இந்த ஐந்தில் ஒன்றுகூட, கறுப்பர்களைச் சட்டம் போட்டு ஒதுக்கி வைத்திருந்த அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் இல்லை. கேட்கிறவனுக்கு இதுவரை எல்லாம் சுகம், சுற்றுலாப் படம் பார்ப்பது போல. பனி மூடிய ராக்கி மலை, வளைந்த சரிவுகள். இங்கே கிங் ஒரு துண்டு வாக்கியத்தைப் போடுகிறார்: "அது மட்டுமல்ல." இந்த இடத்தில் அந்தத் தொடக்கம் உடைகிறது. உடைந்துவிட்டு மறுபடி அதே வார்த்தையில் ஆரம்பிக்கிறது:

ஒலிக்கட்டும் விடுதலை, ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனிலிருந்து.

கறுப்பர்களை வேட்டையாடிய வெள்ளை வெறிக் கூட்டமான கூ க்ளக்ஸ் க்ளான் 1915-இல் மறுபடி உயிர்பெற்ற மலை அது. அடுத்து டென்னசி. அடுத்து மிசிசிப்பி. அந்தப் பேச்சுக்கு இரண்டரை மாதம் முன்னால்தான் மிசிசிப்பியில் கறுப்பர் உரிமைக்குப் போராடிய மெட்கர் எவர்ஸை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்த மிசிசிப்பியில் பெரிய மலை ஏதும் கிடையாது. அதனால் கிங் என்ன சொல்கிறார்? மிசிசிப்பியின் ஒவ்வொரு குன்றிலிருந்தும், எலி தோண்டிப் போட்ட ஒவ்வொரு மண்மேட்டிலிருந்தும். (மூலத்தில் எலி இல்லை, மண்ணுக்குள்ளேயே வாழும் மோல் என்ற பிராணி. அது நம் ஊரில் கிடையாது. இதற்கும் ஒருவர் திருத்தம் சொல்ல வருவார், வரட்டும்.) அதன் பிறகு ஒன்பதாவதாக அந்தப் பாட்டு வரியே திரும்பி வருகிறது, ஒவ்வொரு மலைச்சரிவிலிருந்தும் என்று. பாட்டில் சும்மா கிடந்த அந்த "ஒவ்வொரு" என்ற சொல்லுக்கு இப்போதுதான் கணக்குத் தீர்ந்திருக்கிறது.

அச்சில் வந்தது என்ன தெரியுமா? "அமெரிக்காவின் எல்லா மலைகளிலிருந்தும் விடுதலை ஒலிக்கட்டும் என்றார் கிங்." அவ்வளவுதான். ஸ்டோன் மவுண்டன் இல்லை, மிசிசிப்பி இல்லை, எலிமேடு இல்லவே இல்லை.

இது ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்வதில்லை அண்ணே. திரும்ப வருவது முதல் இரண்டு சொல்தான். ஒன்பது வரியிலும் சொல்லப்படுகிற இடம் வேறு வேறு. முதல் இரண்டு சொல் காதுக்குப் பழகிவிட்டால் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடும், அடுத்து வரப்போவதற்கு மட்டும் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் மிசிசிப்பி வந்து விழுகிறது. இதற்கு கிரேக்கர்கள் காலத்திலிருந்தே அனஃபோரா என்று பெயர் இருக்கிறது, நான் கண்டுபிடித்த வித்தை இல்லை.

"அப்படியென்றால் 'விடுதலை ஒலிக்கட்டும்' என்று ஒழுங்கான தமிழில் எழுதியிருக்கலாமே, ஏன் வினையைத் தூக்கி முன்னால் போட்டாய்" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வரும். இயல்பாக எழுதினால் புதிய ஊர்ப்பெயர் முன்னால் வந்துவிடும், பழகிய சொல் கடைசியில் விழும். பாரதியின் "அச்சமில்லை" பாட்டைப் பாருங்கள், ஆபத்துகள் வரிசையாக மாறி மாறி வரும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அச்சமில்லை வந்து கதவைச் சாத்தும். அது பல்லவி திரும்பி வருகிற சுகம், அதன் அழகு வேறு. கிங்குக்குக் கதவு சாத்தக் கூடாது, வரியின் கடைசியில் மிசிசிப்பி நிற்க வேண்டும். நான்கு நாள் இதோடு மல்லுக்கட்டினேன். அதைத்தான் "வாக்கிய அமைப்புச் சரியில்லை" என்று ஒரே அடியில் அடித்தார்கள்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார், அதுதான் ரொம்ப உறுத்துகிறது. "மலையில ஆரம்பிச்சு எலிமேட்டுல முடிக்கிறீங்க, ஏத்தம் எங்க இருக்கு?"

எங்கள் அப்பத்தா செத்த அன்று பெரியத்தை ஒப்பாரி வைத்தார். ஒவ்வொரு அடியும் "என்னப் பெத்த ஆத்தா" என்றுதான் ஆரம்பிக்கும். பத்துக் குழி நிலத்தை வைத்துவிட்டுப் போனியே, பால் மாட்டை வைத்துவிட்டுப் போனியே, பேரன் பேத்தியை வைத்துவிட்டுப் போனியே என்று போய்க்கொண்டிருந்தது. ஆம்பளைகள் எல்லாம் திண்ணையில் பாடைக்கு மூங்கில் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "என்னப் பெத்த ஆத்தா, வெத்தல இடிக்கிற ஒரலக் கழுவாமப் போனியே" என்றார். சித்தப்பா அப்படியே தூணில் சாய்ந்துவிட்டார். அதுவரை அவர் அழவில்லை. நிலத்துக்கு அழவில்லை, மாட்டுக்கு அழவில்லை, உள்ளங்கை அளவு உரலுக்கு அழுதார். ஏற்றம் எங்கே என்று பெரியத்தையிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும் யாராவது.

"மேடைக்குச் சரி, அச்சுக்கு எதற்கு?" என்றும் கேட்டார் அண்ணன். மேடையில் பேசியதைத்தானே ஐயா அச்சில் போடுகிறீர்கள்! "பக்கம் போதவில்லை." இதற்கு நான் முன்னுரையில் என் அரைப் பக்கத்தை வெட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அதை வெட்டவில்லை, அது நன்றாக இருக்கிறதாம். "தேர்தல் மேடையில் இப்படித்தான் ஒரே சொல்லைப் போட்டுக் கழுத்தறுக்கிறார்கள்." அறுக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஏன் என்றால் அங்கே எட்டாவது வரியும் இரண்டாவது வரியும் ஒன்றுதான், இடம் மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. கிங்கின் வரிகளை இடம் மாற்றிப் பாருங்கள், மிசிசிப்பியை முதலில் வைத்துக் கலிஃபோர்னியாவில் முடியுங்கள். அதற்கும் நன்னூலில் பெயர் இருக்கிறது, அதே பத்துக் குற்றப் பட்டியலில்தான்: சென்று தேய்ந்து இறுதல். அண்ணன் பட்டியலை மூன்றாவது குற்றத்தோடு மூடி வைத்துவிட்டார் போல.

இத்தனைக்கும் போன இதழில் அவருடைய கவிதை வந்தது. பன்னிரண்டு வரி, பன்னிரண்டும் "நான்" என்றுதான் ஆரம்பிக்கும். யாரும் கத்திரிக்கோலை எடுக்கவில்லை. நானே ஹார்ட்டின் போட்டேன்.

இதழ் மேசையில்தான் கிடக்கிறது. கீழே "தமிழில்" என்று என் பெயர் வேறு. நேற்று ராத்திரி பென்சிலை எடுத்து ஓரத்து வெள்ளையில் ஒன்பது வரியையும் எழுத உட்கார்ந்தேன். டென்னசியோடு இடம் தீர்ந்துவிட்டது. மிசிசிப்பியைப் பக்க எண்ணைச் சுற்றி எழுதி வைத்திருக்கிறேன்.