கூடுதல் சட்டகம், கூடுதல் பக்கப் பிழை

பரவும் கூற்று: “கணினியில் இயங்கும் ஒரு நிரலுக்கு நினைவகச் சட்டகங்களைக் கூட்டிக் கொடுத்தால் பக்கப் பிழைகள் ஒருபோதும் அதிகரிக்காது.”

நிரலின் ஒரு பக்கத்தை, அதாவது சம அளவான ஒரு துண்டை, தாங்கும் நினைவக இடமே சட்டகம். கேட்கப்படும் பக்கம் எந்தச் சட்டகத்திலும் இல்லாதபோது நேர்வது பக்கப் பிழை. மேற்கண்ட கூற்று தவறு. முதலில் வந்த பக்கத்தையே முதலில் வெளியேற்றும் ஃபிஃபோ முறையில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம் என்பதை பெலாடியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1969-இல் காட்டினர்.

1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்கள் கேட்கப்படுவதாகக் கொள்வோம். வெற்றுச் சட்டகங்களிலிருந்து தொடங்கினால், மூன்று சட்டகங்களில் 9 பிழைகளும் நான்கில் 10 பிழைகளும் நேர்கின்றன.

திருப்பம் 5-ஆம் பக்கம் வரும்போது நிகழ்கிறது. மூன்று சட்டகங்களில் 1, 2 ஆகியவை ஏற்கெனவே வெளியேறி மீண்டும் நுழைந்திருப்பதால், அவை புதியவையாகக் கருதப்பட்டுத் தப்புகின்றன. நான்கிலோ அவை வெளியேறவே இல்லை. சற்றுமுன் பயன்பட்டிருந்தும், ஃபிஃபோ பயன்பாட்டைப் பார்க்காமல் நுழைந்த நேரத்தை மட்டுமே பார்ப்பதால், 1 வெளியேற்றப்படுகிறது. அடுத்துக் கேட்கப்படுவதும் அதே 1 தான். அதற்கு இடம்விட்டு 2 வெளியேற, உடனே 2 கேட்கப்படுகிறது. இப்படியே இறுதிவரை ஒவ்வொரு அணுகலும் பிழையாகிறது.

அதாவது சிறிய நினைவகத்தில் இருக்கும் பக்கங்கள் பெரியதிலும் இருக்கும் என்ற உறுதி ஃபிஃபோவில் இல்லை. நெடுநேரம் பயன்படாததை வெளியேற்றும் எல்ஆர்யூ முறையில் அந்த உறுதி உண்டு. ஆகவே அங்கு இம்முரண் எழாது. ஃபிஃபோவிலும் எல்லா வரிசைகளிலும் இது தோன்றுவதில்லை.