ஓட்டை இல்லையென்றால் டிபி இல்லையா?

செவ்வாய்க்கிழமை நடந்த கூத்தைப் பார்க்காதவர்களுக்கு முன்கதை இதுதான். நுரையீரலில் ஓட்டை இல்லை என்பதற்காக டிபி இல்லை என்று விட்டுவிட முடியாது என்று, எக்ஸ்ரே எடுக்கும் நான் சொல்லியிருந்தேன். அதற்கு, "மேல் நுரையீரலில் ஓட்டை இல்லை, சளியிலும் கிருமி இல்லை, அப்புறம் என்ன டிபி? படம் பிடிக்கிறவர் படம் மட்டும் பிடிக்கட்டும்" என்று ஒருவர் எழுத, நாற்பது பேர் சிரித்து வைத்தீர்கள். அதில் பத்துப் பேர் என்னிடம் படம் எடுத்துக்கொண்டவர்கள். சரி, இருக்கட்டும்.

ஓட்டையைப் பற்றி அவர் சொன்னது பாதி உண்மை. பெரியவர்களுக்கு வரும் வழக்கமான டிபி, நுரையீரலின் உச்சியில், பின்பக்கமாகத்தான் பெரும்பாலும் உட்காரும். அங்கே பிராணவாயு அதிகம், கிருமிக்கு அது பிடிக்கும். திசு செத்துப் பாலாடைக்கட்டிபோல் ஆகி, இளகி, மூச்சுக்குழாய்க்குள் உடைந்து இருமலில் வெளியே போனால், மிச்சம் இருப்பதுதான் அந்த ஓட்டை. அதிலிருந்து கிருமி கோடிக்கணக்கில் வருவதால்தான் சளியிலும் சுலபமாக அகப்படுகிறது.

ஆனால் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் கதையே வேறு. உச்சி, அடி என்று பார்க்காமல் இரண்டு நுரையீரலிலும் ஒரே சீராக, ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் புள்ளி புள்ளியாக விதைத்துவிடும். ஓட்டை இருக்காது. புள்ளிகள் மூச்சுக்குழாய்க்குள் உடைவதில்லை, அதனால் சளிப் பரிசோதனையும் பல நேரம் கையை விரித்துவிடும். 1700-இல் மாங்கே என்ற ஜெனீவா மருத்துவர் இதைப் பார்த்துவிட்டுத் தானிய விதைக்குத்தான் ஒப்பிட்டார். லத்தீனில் மிலியம் என்றால் சிறுதானியம், மிலியரி டிபி என்ற பெயர் அங்கிருந்து வந்தது. நமக்கு லத்தீன் வேண்டாம், கறுப்புத் துணியில் கேழ்வரகைச் சிதறவிட்டுப் பாருங்கள், போதும்.

கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி ஒருவர். எழுபது வயது. மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவர். மூன்று வாரமாகச் சாயங்காலக் காய்ச்சல், ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. சளி இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது, கிருமி இல்லை. நான் எடுத்த படமும் சுத்தம். டைபாய்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பதினாறு நாள் கழித்துத் திரும்ப வந்தார். முதல் படத்தில் கதிரைக் கொஞ்சம் கூட்டிவிட்டேனோ என்று எனக்கு உள்ளூரப் பயம். கதிர் கூடினால் நுரையீரல் கன்னங்கரேல் என்று ஆகி, பொடிப் புள்ளியை விழுங்கிவிடும். இதயத்துக்குப் பின்னால் முதுகெலும்பு லேசாகத் தெரிந்தால் அளவு சரி, கட்டை கட்டையாகத் தெரிந்தால் கதிர் அதிகம். இந்தத் தடவை அளந்து எடுத்தேன்.

"ஏன் தம்பி, மறுபடியும் மூச்சைப் பிடிக்கச் சொல்கிறாய்? அன்றைக்கே பிடித்தேனே?"

"இன்னும் ஒரே ஒரு தடவை, ஆச்சி."

விலா எலும்புகளுக்கு நடுவே பார்த்தேன். மேலிருந்து அடிவரை கேழ்வரகு. பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது, புள்ளிதான் இல்லை. ஒற்றைப் புள்ளி படத்தில் தெரியாத அளவுக்குச் சின்னது. ஒன்றன்மேல் ஒன்றாக நிழல் விழும் அளவுக்குப் பெருகினால்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குச் சில வாரம்கூட ஆகலாம். டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண் மருத்துவரிடம் அனுப்பினார். சொட்டு மருந்து விட்டுக் கண்ணுக்குள் பார்த்தால், விழித்திரைக்குப் பின்னால் வெளிறிய மஞ்சள் புள்ளிகள். ரத்தம் போன இடமெல்லாம் கிருமி போயிருக்கிறது. அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் மூளைக் காய்ச்சலாகவே முடிந்திருக்கலாம்.

இப்போது அடுத்த கேள்வி வரும்: "அப்படியென்றால் புள்ளி இருந்தாலே டிபியா?" இல்லை ஐயா. தைராய்டு புற்றுநோய் பரவினாலும் வரும், கல் உடைக்கும் தூசியிலும் வரும், யானைக்கால் புழுவால் வரும் ஈசினோபிலியாவிலும் வரும். நான் எங்கே தீர்ப்பு எழுதினேன்? 'ஓட்டை இல்லை' என்பது விடுதலைப் பத்திரம் இல்லை என்றுதானே சொன்னேன்?

"டெக்னீசியன் ரிப்போர்ட் சொல்லலாமா?" சொல்லக் கூடாது. சொல்லவும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக, முதலில் இருட்டறையில் ஈரப் படத்தைத் தூக்கிப் பிடித்து, இப்போது திரையில், எல்லாருக்கும் முன்னால் பார்ப்பவன் நான். 'சார், இதை ஒரு தடவை பாருங்கள்' என்று சொல்வதற்கும் பட்டம் வேண்டுமா? மின்சாரம் போனால் மட்டும் 'தம்பி, எப்படியாவது எடுத்துக் கொடு' என்று ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிடத் தெரிகிறதே. சிரித்த நாற்பது பேரில் என் சித்தப்பா மகனும் ஒருவன்.

ஆச்சியின் இரண்டு படங்களும் பெயரை மறைத்து என்னிடம் இருக்கின்றன. ஓட்டை தேடுபவர் காரைக்குடிப் பக்கம் வந்தால் வரட்டும், பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்டுகிறேன். கேழ்வரகுக் கூழும் உண்டு.