தேவாலயமா, முகமா? கிராப் பண்ணும்போதே முடிவு பண்ணுங்க

தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கிற தேவாலயச் சுவரை முழுசாகப் பின்னால் வைத்து ஒரு குடும்பப் படம். அதை அப்படியே ஆப்பில் போட்டு வாட்டர்கலர் ஓவியமாக மாற்றுகிறார்கள். சுவர் அற்புதமாக வருகிறது, மணல் அற்புதமாக வருகிறது, அத்தையின் முகம் மட்டும் யாரோ சீரியல் நடிகை முகமாகிவிடுகிறது. உடனே ஆப் சரியில்லை என்று அடுத்த ஆப்புக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் தப்பு ஆப்பில் இல்லை. அந்த முகத்துக்கு நீங்கள் கொடுத்த பிக்சல் போதவில்லை.

ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். போனில் எடுத்த படம் 4000×3000 பிக்சல் இருந்தாலும் ஸ்டைல் மாற்றும் ஏஐ மாடல் அதை அந்த அளவில் பார்ப்பதில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 என்ற மாடல் பழகியது 512×512 அளவில், அதன் பெரிய வகையான எஸ்டிஎக்ஸ்எல் பழகியது 1024×1024 அளவை ஒட்டி. அதனால் படம் முதலில் சுருக்கப்படும். சுருக்கிய பிறகும் எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட ஒவ்வொரு கட்டமும் ஒரே புள்ளியாக மடிக்கப்படும். அந்த ஒரு புள்ளிக்கு இந்த இரண்டு மாடலிலும் இருப்பது நான்கே நான்கு எண்கள். விழியும் வெள்ளையும் இமையும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிட்டால், அந்த நான்கு எண்ணிலிருந்து அவற்றைச் சரியாகத் திரும்பப் பிரித்தெடுப்பது ரொம்பக் கஷ்டம். தெரியாத இடத்தைத் தான் பழகிய சராசரி முகத்தால் மாடல் நிரப்பிக்கொள்ளும். பாட்டியின் மூக்குத்தி காணாமல் போவது இங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4000×3000 படத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். நால்வரில் மிகச் சின்னதாகத் தெரியும் முகம், நெற்றி முடியிலிருந்து தாடைவரை 200 பிக்சல் உயரம், 150 பிக்சல் அகலம். (எப்போதும் சின்ன முகத்தையே அளங்க. பெரிய முகம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.) முழுப் படத்தையும் எஸ்டிஎக்ஸ்எல்லுக்கு ஏற்ப நீளப் பக்கம் 1200 ஆகச் சுருக்கினால் அந்த முகத்தின் உயரம் 60 பிக்சல். ஒரு கண்ணின் அகலம் முக அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 9 பிக்சல். ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே கட்டம். கண் கோணிப்போகாமல் என்ன செய்யும்?

அதே படத்தில் நால்வரைச் சுற்றி 2000×1333 மட்டும் கிராப் பண்ணி, 1200×800 ஆக்குங்கள். இப்போது முகம் 120 பிக்சல், கண் 18 பிக்சல், இரண்டு கட்டத்துக்குக் கொஞ்சம் மேல். ஜாடை தங்குவதற்கு என் கணக்கில் இதுதான் கீழ் எல்லை. முக உயரம் 150 கிடைத்தால் நிம்மதி. முகத்தை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். படத்தை ஒரு காப்பி எடுத்து, அந்த ஒரு முகத்தை மட்டும் ஒட்டக் கிராப் பண்ணிச் சேமித்தால், படத்தின் விவரப் பகுதியில் பிக்சல் எண் வந்துவிடும்.

இனி பிரச்சினை தேவாலயம். நால்வரும் நெருங்கி நின்றால் 1300 பிக்சல் அகலம் பிடிப்பார்கள். 2000-இல் மிச்சம் 700. அதைச் சரிபாதியாக இரண்டு பக்கமும் பிரிக்காதீர்கள். இடப்பக்கம் 500 விட்டு அங்கே ஒரே ஒரு வளைவை மட்டும் வையுங்கள், வலப்பக்கம் 200 போதும். வளைவின் கனம் ஒரு பக்கம், ஆட்களின் கனம் மறுபக்கம் என்று படம் நிலைக்கு வரும். முழுச் சுவரும் வேண்டும், முகமும் தெரிய வேண்டும் என்றால் அது ஒரே படத்தில் நடக்காது. ஒரு வளைவே தனுஷ்கோடி என்று சொல்லிவிடும், ராமநாதபுரத்துக்காரனுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

உயரத்தில் முழு ஆளும் அடங்காது, அதனால் கீழே வெட்டத்தான் வேண்டும். தொடை நடுவில் வெட்டுங்கள். முழங்காலிலோ கணுக்காலிலோ மணிக்கட்டிலோ வெட்டினால் கை கால் துண்டான மாதிரி தெரியும். மாடல் விளிம்பில் நிற்கும் கையைப் புடவை மடிப்பாகவோ மணல் மேடாகவோ மாற்றிவிடுவதும் உண்டு. விரல் பாதி வெளியே, பாதி உள்ளே என்று விட்டால் ஆறாவது விரலுக்கு நீங்களே அழைப்பு வைத்த மாதிரி.

நம்ம கரையில் இன்னொரு தொல்லை, கடலும் வானமும் தொடுகிற கோடு. போட்டோவில் அது மங்கலாக இருக்கும், கண் கவனிக்காது. கார்ட்டூனோ மை ஓவியமோ ஆக்கினால் மங்கல் கோடெல்லாம் தடித்த கோடாகும். கழுத்துக்கு நேரே போன கோடு கயிறு கட்டிய மாதிரி ஆகிவிடும். கிராப் எங்கே வெட்டினாலும் கோடு கழுத்தை விட்டு நகராது, ஆளும் கடலும் சேர்ந்தே நகரும். ஆகவே படம் எடுக்கும்போதே போனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தால் கோடு தோளுக்குக் கீழே, நெஞ்சுக்கு இறங்கும். எடுத்தாயிற்று என்றால், கோடு தலைகளுக்கு இடையில் குறைவாகத் தெரியும் படத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. கோடு சாய்ந்திருந்தால் கிராப்புக்கு முன்பே நிமிர்த்துங்கள். நிமிர்த்தும்போது நான்கு மூலையும் கொஞ்சம் போகும். பிறகு நிமிர்த்தினால் அளந்து விட்ட ஓரம் போச்சு.

மேலே வெறும் வானத்தையும் நிறைய விடாதீர்கள். வெள்ளை வானத்தைப் பார்த்தால் மாடலுக்குக் கை சும்மா இருக்காது, மேகம், பறவை, சில சமயம் இல்லாத படகு என்று எதையாவது வரைந்துவைக்கும். ஓரத்தில் தெரியும் சிப்பிக் கடையின் நீலத் தார்ப்பாயும் அப்படித்தான். போட்டோவில் மங்கி இருந்தது ஓவியத்தில் பளீரென்று எழுந்து, முகத்தை விட்டுக் கண்ணை அங்கே இழுக்கும். கிராப்பிலேயே வெளியே தள்ளிவிடுங்கள்.

மூன்றுக்கு இரண்டு என்ற அளவை நான் சும்மா சொல்லவில்லை. ஸ்டுடியோவில் 8×12 அங்குலப் பிரிண்ட் போட்டால் அதுவும் அதே விகிதம். 1200×800 ஓவியத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினால் 3600×2400, அங்குலத்துக்கு 300 பிக்சல், கனகச்சிதம். போன் படத்தின் நாலுக்கு மூன்று விகிதத்திலேயே ஓவியம் ஆக்கிவிட்டுப் பிரிண்டுக்குக் கொடுத்தால், ஸ்டுடியோக்காரர் மேலேயோ கீழேயோ வெட்டுவார். பார்த்துப் பார்த்து விட்ட தலைக்கு மேல் இடம் முதலில் போகும்.

கீழக்கரைப் பக்கம் வளைகுடா நாடுகளிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் படங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சாதாரணமாக அனுப்பிய படம் நீளப் பக்கம் சுமார் 1600 ஆகச் சுருங்கித்தான் வரும், மேலே சொன்ன 200 பிக்சல் முகம் அதில் 80. கிராப் பண்ணிப் பெரிதாக்கினால் எண்தான் ஏறும், மூக்குத்தி திரும்பி வராது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அளவிலேயே வரும்.

பாம்பன் பாலத்தில் இருபது பேர் வரிசையாக நிற்கும் படத்துக்குக் கிராப் உதவாது, அகலம் எங்கேயும் குறையாது. அங்கே ஸ்டைலின் அழுத்தத்தைக் குறைத்து முழுப் படத்தையும் மாற்றிவிட்டு, ஒவ்வொரு முகத்தின் மேலும் தனியாக மாஸ்க் பூசி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெப்யுஐ-யின் இன்பெயின்ட் பகுதியில் உள்ள `Only masked` முறையில் திரும்பப் போட வேண்டும். அந்த முறையில் மாஸ்க் பூசிய துண்டு மட்டும் பெரிதாக்கப்பட்டு மாடலுக்குப் போகும். இருபது முகத்துக்கு இருபது தடவை, ஒரு மாலை முழுக்கப் போய்விடும். அவ்வளவு பாடு வேண்டாம் என்றால், எல்லோரையும் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.