ராஷி உரையில் இரட்டைக் கோடு போட்ட எழுத்துகள்

யூத அறிஞர் ராஷி வேதாகமத்துக்கு எபிரேயத்தில் எழுதிய உரையைப் பற்றி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "ராஷி உரையில் எழுத்துகளுக்கு நடுவே இரட்டைக் கோடு வந்தால் அது எண். ஆதியாகமம் 1:1 உரையே 201-இல்தான் தொடங்குகிறது."

அந்த இடத்தில் இருப்பது எண் இல்லைங்க. அலெஃப், ரேஷ் என்ற இரண்டு எபிரேய எழுத்துகளும் 'அமர் ரபி' என்பதன் சுருக்கம். அடுத்த சொல் யிட்சாக். ஆக, 'ரபி யிட்சாக் சொன்னார்' என்று உரை தொடங்குகிறது. எபிரேய எண்ணில் பெரிய மதிப்பு முதலில் வரும். 201 என்றால் ரேஷ் (200) முன்னால், அலெஃப் (1) பின்னால் நிற்க வேண்டும்.

இன்னொருவர் "கோடு வந்தாலே சுருக்கம்தான்" என்கிறார். அது பாதி சரி. அதே உரையில் சற்றுத் தள்ளி, யாத்திராகமம் என்ற பெயருக்குப் பக்கத்தில் யோத், பேத் வருகின்றன. அது 12, அதிகார எண். அங்கே மேற்கோள் காட்டும் 'இந்த மாதம் உங்களுக்கு' என்ற வரி யாத்திராகமம் 12:2-இல் இருக்கிறது, வேதாகமத்தைப் புரட்டினாலே தெரியும்.

முதல் சுருக்கத்தைச் சரிபார்க்க, யூத நூல்கள் உள்ள செஃபாரியா இணையதளத்தில் இதே உரையைத் திறங்கள். அங்கே சுருக்காமல் முழுச் சொற்களாகவே இருக்கிறது.

ரேஷ் முன்னால் வந்தால்தான் சிக்கல். அது 201-ஆகவும் இருக்கலாம், ரபி எலியேசராகவும் இருக்கலாம், ரபி எலெயாசாராகவும் இருக்கலாம். அப்போது பழைய பதிப்புகளை ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும், அப்புறமும் சில இடங்களில் சந்தேகம் தீராது.